முந்நூறு எழுத்துக்குள்

என் மகன் பெங்களூரில் பைக் விபத்தில் இறந்து நான்கு மாதம் கழித்து, கேம்ப் ரோடு பிரவுசிங் சென்டருக்குப் போய் அவன் பெயரைத் தேடச் சொன்னேன். அந்தக் கடையை ஒரு பெண் நடத்திவந்தாள். அவள் தட்டியதும் லிங்க்ட்இன்னில் அவன் பக்கம் வந்தது. படிப்பு, வேலை, டை கட்டிய படம். இறந்தது அதற்குத் தெரியவில்லை.

கீழே அவனுடன் வேலை பார்த்த ஒரு பெண் நான்கு வரி பாராட்டு எழுதியிருந்தாள். ‘முதல் நாள் எனக்காக வாசலில் காத்திருந்தார். ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும் பொறுமையாகச் சொல்வார்.’

பொறுமை. என்னிடம் அவன் கதவை அறைந்துவிட்டுப் போனவன். அவனுக்குப் பிடித்த பெண் எங்கள் திருச்சபையைச் சேர்ந்தவள் இல்லை என்பதற்காக, “இனி இந்த வீட்டுக்கு வராதே” என்று சொன்னவன் நான். அந்தக் கல்யாணமும் நடக்கவில்லை. இரண்டு வருடம் நாங்கள் பேசவில்லை. அவன் அம்மா மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவாள்.

பாராட்டு எழுதிய பெண் இதற்குள் புனேயில் வேறு கம்பெனிக்கு மாறியிருந்தாள். அவளுக்கு எழுத எனக்கும் ஒரு கணக்கு வேண்டியிருந்தது. ‘ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர், செம்பாக்கம்’ என்று கடைக்காரப் பெண் ஆரம்பித்துக் கொடுத்தாள். இவரை எப்படித் தெரியும் என்று அந்தப் பக்கம் கேட்டது.

“தெரியாதுன்னு போடும்மா.”

“அப்படிப் போட்டா அனுப்பவே விடாது சார். ஃபிரெண்ட்னு போடுங்க.”

மனமில்லாமல் ஒப்புக்கொண்டேன். கட்டத்தில் ஏற்கெனவே ஒரு வரி எழுதியிருந்தது, என் தொழில் வட்டத்தில் உங்களைச் சேர்க்க விரும்புகிறேன் என்று. அதை அழிக்கச் சொன்னேன். வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போன இரண்டு பக்கக் கடிதத்தை நீட்டினேன்.

அவள் முழுதும் படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தாள். பிறகு, “இவ்ளோ போகாது சார். முந்நூறு எழுத்துதான், நடுவுல விடுற இடத்தையும் சேர்த்து. யாருன்னு சொல்லுங்க, ஏன் எழுதறீங்கன்னு சொல்லுங்க. பெருசா எதுவும் கேட்டுடாதீங்க, பயந்துடுவாங்க” என்றாள்.

பிள்ளைகளின் கட்டுரையில் எத்தனையோ வரிகளை அடித்தவன் நான். என் வரிகளை அடிக்க ஒரு மணி நேரம் ஆனது. வருத்தம், மன்னிப்பு, அவனுடைய சின்ன வயசு எல்லாம் போயின. ஆங்கிலத்தில் மிஞ்சியது இவ்வளவுதான்: ‘நீங்கள் பாராட்டி எழுதியவரின் அப்பா நான். மார்ச்சில் அவன் விபத்தில் இறந்துவிட்டான். உங்கள் வரிகளை இன்று படித்தேன். ஆபீசில் அவன் எப்படி இருந்தான் என்று முடிந்தால் ஓரிரு வரி எழுதுங்கள். வேறொன்றும் வேண்டாம்.’

தினமும் போய்ப் பார்த்தேன். எட்டு நாள் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் என் அழைப்பை ஏற்றிருந்தாள். கூடவே நீண்ட பதில்.

அவன் ஜன்னலோரம் உட்காருவானாம். மதியம் எல்லோர் டப்பாவிலும் கைவைப்பானாம். அம்மாவின் மீன் குழம்பு பற்றிச் சொல்லிச் சொல்லி மற்றவர்களுக்குப் பசியைக் கிளப்புவானாம். யாராவது மெயிலில் தப்பாக ஆங்கிலம் எழுதினால் உட்கார்ந்து திருத்திக் கொடுப்பானாம்.

கடைசிப் பத்தியில் இப்படி இருந்தது: ‘தாமதத்துக்கு மன்னியுங்கள், அங்கிள். அவர் இறந்ததே உங்கள் குறிப்பைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். முதலில் நம்பவில்லை. அவருடைய அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட்டதாகத்தான் எங்களிடம் சொல்லியிருந்தார். யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தேன். போன் நம்பர் கேட்டிருந்தால் பதிலே போட்டிருக்க மாட்டேன். நீங்கள் அப்படி எதுவும் கேட்கவில்லை. அதனால் பழைய ஆபீசில் விசாரித்தேன்.’

திரை மங்கலாகத் தெரிந்தது. கடைக்காரப் பெண் எழுந்து ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

எத்தனையோ கேட்கத் தோன்றியது. எப்போது அப்படிச் சொன்னான், கோபமாகச் சொன்னானா, சிரித்துக்கொண்டா? வேறொன்றும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான். நன்றி என்று மட்டும் தட்டி அனுப்பினேன். அதற்குப் பிறகு எழுதவில்லை. அந்தக் கணக்கில் என் தொடர்பு என்று இருப்பது இன்றும் அவள் ஒருத்திதான்.

வீட்டில் மனைவியிடம் பதிலைத் தமிழில் சொன்னேன். மீன் குழம்பு என்றதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்களைப் பத்தி ஏதாச்சும் சொன்னானாமா?” என்று கேட்டாள்.

“இங்கிலீஷ் திருத்துவானாம்” என்றேன்.

“அது உங்ககிட்டேர்ந்து வந்ததுதானே” என்றாள்.

ஆமாம் என்றேன்.