மூன்று மணிப் பாண்

துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டும் குணரெத்தினத்துக்கு வீட்டில் பெயர் பெருந்தீனி. வைத்தவள் மனைவி ஜெயரூபி. காலையில் அவருக்கு ஒரு வாய்கூட இறங்காது என்பதை மட்டும் அந்த மகராசி கண்டுகொள்வதில்லை.

கிளினிக்கில் வெறும் வயிற்றோடு குடுத்த இரத்தத்தில் சீனி எகிறி நின்றது.

"ஐயா, என்ன சாப்பிட்டனீங்கள்?" என்றார் டொக்டரம்மா.

"ஒண்டும் இல்லை."

"பச்சைப் பொய்! சாமம் மூண்டு மணிக்கு பேக்கரிப் பாண் அரை றாத்தலும் மீன் குழம்பும்," என்றாள் ஜெயரூபி.

"அது சாப்பாடில்லை, நித்திரை மருந்து. தின்னாட்டிக் கண் மூட ஏலாது." அவருக்குச் சத்தியமாகவே அப்படித்தான்.

டொக்டரம்மா பேனையை வைத்துவிட்டு அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆறு மாதமாக இரவில் இரண்டு தரம் எழும்புகிறாராம். ஜெயரூபி சமையலறையைப் பூட்டினாலும் திறப்பைத் தேடி எடுத்துவிடுகிறாராம். தின்றதெல்லாம் நினைவிருக்கிறதாம். பொழுதுபட்டால் மனமும் சரியில்லையாம்.

"இது பெருந்தீனி இல்லை, இரவில உண்ணுற நோய். பசியின்ர மணிக்கூடு பிந்தி ஓடுது. விழுங்கக் குளிசையும் இருக்கு, கதைச்சுச் சரிப்படுத்தவும் ஆக்கள் இருக்கினம். குசினியைப் பூட்டிச் சரிவராது."

பூட்டியவள் துள்ளினாள். "அப்ப எனக்கும் அதுதான்! பத்து மணிக்கு நாடகம் பார்த்து ஒரு பை மிக்சர் முடிப்பன்."

"பிறகு எழும்பித் தின்னுறீங்களோ?"

"விடியும்வரை குறட்டைதான்," என்றார் குணரெத்தினம்.

"காலமை?"

"எட்டு இடியப்பம்," என்றாள் அவளே.

"உங்களுக்கு நோய் ஒண்டும் இல்லை. மிக்சரைக் குறையுங்கோ."

திரும்பும் வழியில் ஓட்டோ மிக்சர்க் கடையைக் கடக்கும்போது குணரெத்தினம் மெத்தப் பணிவாகக் கேட்டார்: "நிப்பாட்டச் சொல்லவோ?"