எட்டாத மணிக்கு ஒரு நன்றி

எலும்பு முறிவு வார்டில் எல்லோரும் அவரைப் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்கு வந்து இருபத்தேழு வருஷம். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பதாலேயே பாதி நாள் நின்றபடியே இருப்பார். வீட்டுக்குப் போனால் மகள், "அம்மா, சாப்பிட்டுட்டாவது தூங்கு" என்று தட்டை மடியில் வைப்பாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே தூங்கிவிடுவார்.

அன்றைக்கு ஒரு நர்ஸ் லீவு. காலையிலேயே இரண்டு பேர் ஆபரேஷன் முடிந்து கட்டிலுக்கு வந்திருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு, டீயை வாயில் வைக்கப்போன நேரத்தில், ஆபீஸ் கிளார்க் ஒரு அட்டைப் பெட்டியும் ஒரு காகிதமுமாக வந்து நின்றார்.

"சிஸ்டர், சூப்பரிண்டெண்டெண்ட் ஐயா மீட்டிங்ல மாட்டிக்கிட்டாரு. மூணு மணிக்கு டீச்சரை வழியனுப்பணும். நினைவுப் பரிசை நீங்கதான் குடுக்கணும்."

டீச்சர் என்றது மூன்று மாதத்துக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த நர்சிங் ஆசிரியையை.

"நானா? என்னால நிக்கவே முடியல, பேசறதுக்கு எங்க போறது?"

"பேசவே வேணாம். இதைப் படிச்சா போதும்."

அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். 'தன்னலமற்ற சேவை', 'அளப்பரிய பங்களிப்பு' என்று ஓடியது. மூன்றாவது வரியில், 'மயக்க மருந்துத் துறையில் தங்கள் அனுபவம்' என்று இருந்தது.

"இது போன தடவை வந்த டாக்டருக்கு எழுதினது இல்ல?"

கிளார்க் நாக்கைக் கடித்துக்கொண்டார். பெரிய சிஸ்டருக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. பெட்டியைப் பிரித்து, பித்தளைத் தகட்டில் பெயராவது சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். நல்லவேளை, சரியாக இருந்தது. காகிதத்தில் அந்த வரியை அடித்தார். மிச்சமிருந்தது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். இதே வரிகளை எத்தனையோ தடவை கேட்டு, மனசை வார்டில் வைத்துக்கொண்டே கைதட்டியிருக்கிறார்.

படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த ஆயாவைக் கேட்டார். "ஏம்மா, அந்த டீச்சர் வந்து நமக்கு உருப்படியா என்ன பண்ணாங்க?"

"என்ன சிஸ்டர் இப்படிக் கேக்கறீங்க? கட்டில் கட்டிலா படுத்துப் பாத்தாங்களே, மறந்துட்டீங்களா? நாமகூட சிரிச்சோமே."

மறந்துதான் போயிருந்தார். கட்டிலிலிருந்து விழுந்தவர்களைக் குறித்துவைக்கும் நோட்டை மேஜையிலிருந்து எடுத்துப் புரட்டினார். ஒரு தடவை எண்ணினார். நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினார்.

மூன்று மணிக்கு வகுப்பறையில் பதினைந்து பேர் இருந்தார்கள். டீச்சர் தன் பயணப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, முகம் வாடி உட்கார்ந்திருந்தார். வாசலில் கார் நின்றது. பெரிய சிஸ்டர் காகிதத்தை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, டீச்சரைப் பார்த்துப் பேசினார்.

"டீச்சர், எனக்கு மேடைப் பேச்சு வராது. நீங்க வந்த புதுசுல எங்க வார்டுல பன்னிரண்டு கட்டில்லயும் படுத்துப் பாத்தீங்க. ஆறு கட்டில்ல, அழைப்பு மணி படுத்திருக்கறவங்க கைக்கு எட்டலன்னு சொன்னீங்க. எலக்ட்ரீஷியன் பின்னாடியே நாலு நாள் அலைஞ்சு, நீள வயர் போட வச்சீங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு மாசத்துல ஒன்பது பேர் தானா இறங்கப்போய் விழுந்திருக்காங்க. அப்புறம் ரெண்டு மாசத்துல ரெண்டே பேர். அந்தக் கட்டில்களை நான் இருபத்தேழு வருஷமா பாக்கறேன். எனக்குத் தோணல. விழாம இருந்தவங்களுக்கு உங்களைத் தெரியாது. அதான் அவங்க சார்புல நான் சொல்றேன். ரொம்ப நன்றி டீச்சர்."

தகட்டில் இருந்த எழுத்து டீச்சர் பக்கம் தெரியும்படி திருப்பி, இரண்டு கையாலும் நீட்டினார்.

டீச்சர் எழுந்து வாங்கிக்கொண்டார். "நாப்பது பக்கம் அறிக்கை எழுதிக் குடுத்தேன், சிஸ்டர். யாரும் பிரிச்சுக்கூட பாக்கல. மூணு மாசத்தை வீணாக்கிட்டேன்னு நெனச்சுட்டு இருந்தேன். ஒன்பது பேரா? நெசமாவா?"

"நோட்டு வார்டுல இருக்கு. வந்து பாருங்க."

கார் டிரைவர் ஹாரன் அடித்தும் டீச்சர் வார்டுக்கு வந்து, நின்றபடியே அந்த நோட்டைப் படித்துவிட்டுத்தான் போனார். பெரிய சிஸ்டர் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஆபரேஷன் ஆனவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கப் போனார்.

அதிலிருந்து வழியனுப்பும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. "நல்லாப் பேசினீங்களாமே" என்று சூப்பரிண்டெண்டெண்டே சொல்லிவிட்டார். முணுமுணுத்துக்கொண்டேதான் ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் முதல் நாளே வார்டு வார்டாகப் போய், "இவர் என்ன செஞ்சாரு?" என்று விசாரிப்பார். ஒருவர் விஷயத்தில் மட்டும் எங்கே கேட்டும் யாருக்கும் எதுவும் சொல்லத் தெரியவில்லை. நேராக சூப்பரிண்டெண்டெண்ட் அறைக்குப் போய்ப் பரிசுப் பெட்டியை மேஜைமேல் வைத்தார்.

"ஐயா, இவருக்கு நீங்களே பேசிடுங்க. எனக்குக் கால் வலிக்குது."