கடைசிப் பத்தி

பிரஷர் குக்கர் இரைந்தாலும், பஸ்ஸில் யாராவது பிளாஸ்டிக் பையைக் கசக்கினாலும் தனகோட்டியின் கை தானாக இடுப்புக்குப் போகும். அதே இரைச்சலோடு பேசும் வயர்லெஸ் செட்டு அங்கே இருக்காது. அது நிலக்கரி ஓடும் பெல்ட்டில் விழுந்து, பங்கர் என்ற நிலக்கரித் தொட்டிக்குள் போய், பொடியாகி நாற்பது நாளாகிறது.

தனகோட்டிக்கு வயது நாற்பத்தாறு. மந்தாரக்குப்பத்தில் ஒற்றை அறை வீடு. சுரங்கத்தில் பெல்ட் பார்த்துக்கொள்ளும் வேலை, பதினோரு வருஷமாகக் காண்ட்ராக்ட். பர்மனென்ட் ஆவோம் என்று முதல் ஐந்து வருஷம் நம்பினார். பிறகு அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். நாலாம் பெல்ட்டு மாடசாமிக்கு, ஐந்தாம் பெல்ட்டு இவருக்கு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு செட்டு. ஷிப்ட் தொடங்கும்போது யார் முதலில் போகிறாரோ அவர் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்குவார். செட்டு போன அன்று தனகோட்டி போட்டார்.

2006-ஆம் வருஷத்து அக்டோபர் சம்பளச் சீட்டில் அந்தக் கையெழுத்துக்கு விலை போட்டிருந்தார்கள். சம்பளம் நாலாயிரத்து அறுநூறு; செட்டுக்குப் பிடித்தது இரண்டாயிரத்து எண்ணூறு.

பிடித்த பணத்தைத் திருப்பிக் கேட்டு, மூன்று நாள் உட்கார்ந்து கடிதம் எழுதினார். ஒன்பதாம் வகுப்போடு நின்ற கை. முதல் இரண்டு பத்தி சுலபமாக வந்துவிட்டது. கடைசிப் பத்திக்குத்தான் இரண்டு நாள் பிடித்தது.

காண்ட்ராக்ட் கம்பெனியின் மனிதவளப் பிரிவு என்பது ஒரு மேஜை, ஒரு பீரோ, சோமசுந்தரம் என்ற அதிகாரி. அவர் கடிதத்தைப் படிக்காமலே கேட்டார்.

"ரிஜிஸ்டர்ல இருக்கறது உன் கையெழுத்துதானே?"

"என்னுதுதாங்க."

"அப்புறம் என்ன?"

"தொலைச்சதுக்குப் புடிக்கலாம் சார். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த விளக்கம் கேட்டுட்டுதான் புடிக்கணும். என் தப்பாலதான் போச்சுன்னு ஆவணும். அப்பவும் மொத்த சம்பளத்துல பாதிக்கு மேல தொடக்கூடாது."

"வக்கீலு யாருய்யா? யூனியன் ஆளா?"

"உங்க முதுகுக்குப் பின்னாடி ஒட்டிக்கீது சார்."

சோமசுந்தரம் திரும்பிப் பார்த்தார். முருகன் காலண்டருக்கு அடியில் சம்பளச் சட்டத்தின் சுருக்கம் தமிழில் பழுப்பேறித் தொங்கியது. பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் மெர்லின் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள்.

அதன்பிறகுதான் அவர் கடிதத்தைப் படித்தார். கடைசிப் பத்திக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

*'சம்பவத்தன்று நான் டீக் கொட்டகையில் இருந்தேன். என் பெல்ட்டையும் பார்த்துக்கொள்ளும்படி செட்டை மாடசாமியிடம் கொடுத்தவன் நான். அவர் ஐந்தாம் பெல்ட்டில் மார்வலி வந்து விழுந்து இறந்ததும், செட்டு அவர் கையிலிருந்து பெல்ட்டில் போனதும், நான் கேட்டுக்கொண்ட வேலையைச் செய்யும்போதுதான்.'*

கம்பெனியின் ரிப்போர்ட்டில் வேறு மாதிரி இருந்தது. மாடசாமி தன் இடத்தை விட்டுவிட்டு எங்கோ போனவர், வேலையில் இருக்கும்போது சாகவில்லை. அவர் பெண்சாதி கனகத்தின் நஷ்டஈட்டு மனு அந்த ஒரு வரியில்தான் நின்றுபோயிருந்தது.

சோமசுந்தரம் குரலைத் தாழ்த்தினார். "தனகோட்டி, முதல் ரெண்டு பத்தி சரி. நானே கையெழுத்து வாங்கி அடுத்த மாசம் பணத்தைப் போட்டுடறேன். இந்தக் கடைசிப் பத்தி எதுக்கு? எடுத்துடு. டூட்டி நேரத்துல டீ குடிச்சேன்னு நீயே எழுதிக் குடுத்தா, காண்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது உன் பேரு இருக்குமா?"

மெர்லின் டைப் அடிப்பதை நிறுத்தியிருந்தாள். மேலே ஃபேன் கரகரத்தது. தனகோட்டியின் கை இடுப்புக்குப் போயிற்று.

அன்றைக்கு டீக் கொட்டகையில் ஆறாம் பெல்ட் ஆளின் செட்டு பெஞ்சு மேல் கிடந்தது. அதில் மாடசாமியின் குரல் வந்தது. "அண்ணே, எங்க கீற? சீக்கிரம் வாண்ணே. ஓவர்." தனகோட்டி சிரித்தார். 'அவனுக்கும் டீ வேணுமாம்' என்று சொல்லிவிட்டு இன்னொரு கிளாஸ் வாங்கினார்.

"இருக்கட்டும் சார்," என்றார். "நகல்ல சீல் மட்டும் வெச்சிக் குடுங்க."

சோமசுந்தரம் அசையவில்லை. மெர்லின்தான் எழுந்து வந்து, இன்வர்டு நம்பர் எழுதி, தேதியோடு சீல் குத்தி, நகலை நீட்டினாள்.

அதை எடுத்துக்கொண்டு நேராகக் குள்ளஞ்சாவடிக்கு பஸ் ஏறினார். கனகம் முந்திரிக் கொட்டை உடைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். விரலெல்லாம் கொட்டைத் தோலின் பால் பட்டுக் கறுத்திருந்தது. தாளில் கறை படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிக் கடைசிவரை படித்தாள்.

"இத்த மனுவோட வெக்கலாமாண்ணே?"

"அதுக்குத்தாம்மா சீல் வாங்கியாந்தேன். என்னைக் கூப்ட்டா எங்க வேணா வந்து சொல்றேன்."

அவள் தாளை மடிக்கவில்லை.

"கொட்டாயில ஒரு செட்டு இருந்துச்சாமே. அவரு கூப்ட்டாராண்ணே?"

கடிதத்தில் அது இல்லை. சட்டம் அதைக் கேட்கவில்லை.

"கூப்ட்டான்மா," என்றார் தனகோட்டி. "எனக்குக் கேட்டுச்சு."