மூடிய கணக்கு

மேலூரில் ஒரு கிரானைட் கம்பெனியில் பணம் அனுப்பும் வேலை எனக்கு. ஒரு சப்ளையருக்கு அனுப்பியதை வங்கி நிராகரித்ததும், கொள்முதல் மேலாளர் ஆபீஸ் முழுக்கக் கேட்கக் கத்தினார்: "நம்பரைக்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியாதா?"

வங்கி அனுப்பிய நிலைச் செய்தியைத் திறந்தேன். எண் தப்பென்றால் AC01 என்று வரும். வந்திருந்ததோ AC04: மூடப்பட்ட கணக்கு. போன வாரம்தான் அந்தக் கணக்கைச் சரிபார்த்ததாக மேலாளரே ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

வங்கிச் செய்தி, அந்தப் படிவம் இரண்டையும் பிரிண்ட் எடுத்தேன். முதலாளி வரும்வரை காத்திருந்து, அவர் முன்னால் வைத்துவிட்டு, மேலாளரிடம் சொன்னேன்:

"சப்ளையர்கிட்ட புதுக் கணக்குக்கு லெட்டர் வாங்கிட்டு வாங்கண்ணே. நம்பரை ஒழுங்கா அடிச்சு நான் மறுபடி அனுப்புறேன்."

உச்சி வெயிலில், சப்ளையர் இருக்கும் நாகமலை புதுக்கோட்டைக்கு மேலாளர் பைக்கில் கிளம்பினார். லெட்டர் மெயிலில் வந்தாலே போதும் என்பதை நான் சொல்லவில்லை.