நைனா ஏன் வரவில்லை என்று கம்பெனி எழுதிக்கொடுத்த கதை

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பட்டணத்து ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் காலை, டாக்டர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீங்க வீட்டுக்குப் போலாம்" என்று சொன்னார். அவர் கதவைத் தாண்டுவதற்குள் நைனா என் போனைப் பிடுங்கி ஊருக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அன்று மாலை ஊரில் சீட்டு எடுக்கும் கூட்டம். பழவேற்காட்டு ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் சுத்துவலை போட்டுவிட முடியாது. எந்த இடத்தில் எந்த நாள் யாருடைய முறை என்று ஊர் கூடிச் சீட்டு எடுத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். சீட்டை அவரவர் கையால் எடுக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. உடம்பு முடியாமல் கிடப்பவருக்கு மட்டும் கூடப்பிறந்தவர் எடுக்கலாம்.

என் சித்தப்பா போனில் அதைத்தான் கேட்டார். "அண்ணே, நீ ஆஸ்பத்திரில கீறேன்னு சொல்லி நானே எடுத்துடட்டா?"

நைனாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாருடா சீக்காளி? வைத்தியம் எல்லாம் முடிஞ்சிபோச்சின்னு டாக்டரே சொல்லிட்டாரு. மதியச் சோறு வூட்லதான். நான் வந்து எடுக்கிறேன்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லு."

சித்தப்பாவும் எல்லாரிடமும் சொன்னார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு ஏஜென்சி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஆபீஸில் எடுத்துக்கொடுத்த இன்சூரன்ஸில் அம்மா, நைனா இரண்டு பேரும் உண்டு. கேஷ்லெஸ் என்பதால் நாம் பணம் கட்டத் தேவையில்லை, ஆஸ்பத்திரியும் இன்சூரன்ஸ் கம்பெனியும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அவர்கள் பேசித் தீர்க்கும்வரை நோயாளியை வெளியே விடமாட்டார்கள் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பத்து மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பெண் கடைசி பில்லையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள். 'உங்கள் டிஸ்சார்ஜ் கோரிக்கை கிடைத்தது' என்று கம்பெனியிடமிருந்து என் போனுக்கே செய்தி வந்தது. நைனா வேட்டி மாற்றி, தலை வாரி, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

மதியம் ஆனது. ஸ்கேன் ரிப்போர்ட் வேண்டும் என்று கம்பெனி கேட்டது. அதே ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் சேர்க்கும்போது அனுமதியே கொடுத்தார்கள். டெஸ்க் பெண் தலையில் அடித்துக்கொண்டு உடனே மறுபடி அனுப்பினாள். அப்புறம் பதிலே இல்லை. கம்பெனியின் இலவச எண்ணுக்கு நான் போட்ட போனில், காத்திருக்கும்போது வரும் இசை எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

"மொத்தப் பணத்தையும் நீங்களே கட்டிட்டு இப்பவே போலாம் மேடம். அப்புறமா கம்பெனிகிட்ட வாங்கிக்கலாம்" என்றாள் டெஸ்க் பெண். அவ்வளவு பணம் இருந்தால் நான் ஏன் அங்கே நிற்கிறேன்?

மூன்று மணிக்கு நைனா, "நான் நடந்தே போயிடறேம்மா" என்றார். வாசலில் வாட்ச்மேன் கேட் பாஸ் கேட்டார். நைனா திரும்பி வந்து அதே கட்டிலில் உட்கார்ந்து, "போலீஸ் ஸ்டேஷன்லகூட சொந்த ஜாமீன்ல வுட்ருவான்" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அனுமதி வந்தபோது விளக்கு வைக்கும் நேரம் தாண்டிவிட்டது. கட்டில் காலியாகாததால் இன்னொரு நாள் ரூம் வாடகை போட்டிருந்தார்கள். அதை என் கையிலிருந்து கட்டிவிட்டு, ஆட்டோ பிடித்து, ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கி ஊர் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கலைந்து, பாய்களைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

அதைவிட மோசமான செய்தி மறுநாள் வந்தது. வைத்தியம் முடிந்தது, மதியமே வருகிறேன் என்று இவரே சொன்ன பிறகு சித்தப்பாவைச் சீட்டு எடுக்க விடவில்லையாம். காரணமில்லாமல் வராதவர் பாடு வேண்டாம் என்று விட்டுக்கொடுத்ததாகத்தான் அர்த்தம். பட்டணத்தில் யாரோ உறவுக்காரர் வீட்டில் பிரியாணி சாப்பிட உட்கார்ந்துவிட்டார் என்று ஒரு பேச்சும் கிளம்பியிருந்தது. அடுத்த கூட்டத்தில் தக்க சாட்சியோடு வந்தால் பார்க்கலாம் என்று ஊர்த் தலைவரான பெரியதனக்காரர் சொல்லி அனுப்பினார்.

எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது. நானும் தங்கையும்தான். பாடு ஆண்வழியில் போவது, அதனால் நைனாவோடு முடிகிற பாடு அது. அது முடியும் நாளைத் தானே முடிவு செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒரு ஆஸ்பத்திரி பில் வந்து அதை முடித்துவிட்டது என்றால் எப்படித் தாங்குவார்? ஊரில் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வீட்டுக்குள்ளேயே இருந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆத்திரம் வந்தால் நான் கடிதம் எழுதுவேன், என் பிழைப்பே அதுதான். கண்டெய்னர் தாமதமானால் யார் கையில் எத்தனை மணி நேரம் நின்றது என்று பிரித்துப் பிரித்து எழுதி, டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் யார் தலையில் விழ வேண்டும் என்று சண்டை போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். நைனா மட்டும் என்ன, ஒரு நாள் முழுக்கத் துறைமுகத்தில் நின்ற சரக்குதானே? பாலிசித் தாளில் குறைதீர்ப்பு அதிகாரியின் இமெயில் முகவரி இருந்தது. லேப்டாப்பைத் திறந்தேன்.

நைனா கட்டிலில் படுத்தபடி சொல்லச் சொல்ல எழுத வேண்டும் என்றார். "ஐயா, எங்க ஏரி பெரிய ஏரி. முகத்துவாரம் தொறந்துட்டா எறால் உள்ள வரும்..."

"நைனா, அந்தாளுக்கு எறால் எதுக்கு?"

"அப்பத்தாம்மா அவனுக்குப் புரியும், இன்னா கெடுத்தோம்னு."

அம்மா தன் பங்குக்கு, ஆஸ்பத்திரிச் சாம்பாரில் உப்பே இல்லை என்பதையும் சேர்க்கச் சொன்னாள். இரண்டையும் விட்டுவிட்டு என் முறையில் எழுதினேன். டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்ததிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி கொடுக்க வேண்டும், அதற்கு மேல் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதலாகப் போட்டால் அதை இன்சூரன்ஸ் கம்பெனியே ஏற்க வேண்டும் என்பது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. அதைக் குறிப்பிட்டு, பாலிசி எண், கிளெய்ம் எண், ரூம் வாடகை ரசீது எல்லாம் வைத்து அனுப்பினேன்.

சில நாளில் பதில் வந்தது. 'தங்கள் கிளெய்ம் ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டுவிட்டது. ஆஸ்பத்திரியிடமிருந்து முழு ஆவணங்கள் மதியத்துக்குப் பிறகே கிடைத்தன. ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.' நான் தமிழில் சொல்லிக்காட்டினேன்.

"தப்பு எங்க மேலன்னு எழுதிக்கீறானா?" என்று கேட்டார் நைனா.

"வருந்துறோம்னு எழுதிக்கீறாங்க."

"செத்த வூட்ல அடுத்த தெருக்காரனும்தான் வருத்தப்படுவான். இது செல்லாது."

எனக்கும் அதே எண்ணம்தான். என் போனுக்குக் காலையில் வந்த செய்தியைப் படம் பிடித்தேன். டெஸ்க் பெண்ணிடம் கேட்டு, காலையில் அனுப்பிய கோரிக்கை, ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு அவர்கள் கேட்ட கேள்வி, உடனே போன பதில் மூன்றையும் வாங்கினேன். சேர்க்கும்போது அதே ரிப்போர்ட்டைக் குறிப்பிட்டு கம்பெனி கொடுத்த முதல் அனுமதியையும் இணைத்தேன். கோரிக்கை உங்களுக்கு எப்போது கிடைத்தது, அனுமதி எப்போது கொடுத்தீர்கள், நடுவில் தாமதம் யாருடையது என்று மூன்று கேள்வி. திருப்தியான பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போவேன் என்று கடைசியில் ஒரு வரி.

இரண்டு நாள் கழித்துக் குறைதீர்ப்பு அதிகாரியே போன் செய்தார். நல்ல மனிதர், தமிழில் பேசினார். ரூம் வாடகையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம், புகாரை முடித்துக்கொள்ளலாமா என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நைனா எழுந்து உட்கார்ந்தார்.

"சார், துட்டு பொண்ணோடது, அதுக்குக் குடுத்துடுங்க. எனக்கு நான் ஏன் வரலன்னு எழுதிக் குடுங்க."

"எங்க வரல சார்?"

அவ்வளவுதான். நான் வெட்டியெறிந்த ஏரி, முகத்துவாரம், இறால், சீட்டு, பிரியாணிப் பேச்சு எல்லாம் போனில் கொட்டியது. அதிகாரி குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "மீன்பிடிப்பு நஷ்டம் பாலிசில வராது சார்" என்றார்.

"நஷ்டம் யாரு கேட்டாங்க? என்னை யாரு புடிச்சி வெச்சாங்கன்னு மட்டும் எழுது சார்."

பணம் தருவது அவர்களுக்குச் சுலபம், தப்பு எங்களுடையது என்று எழுதுவதுதான் கஷ்டம். நானே எத்தனை கப்பல் கம்பெனியிடம் பார்த்திருக்கிறேன்! "பதிவைப் பார்த்துட்டு உண்மை எதுவோ அதை எழுதறேன் சார்" என்று சொல்லிப் போனை வைத்தார் அதிகாரி.

கூட்டத்துக்கு முந்தின நாள் கடிதம் வந்தது.

பாடு பிரிக்கும் கூட்டத்தில் பெண்கள் உட்கார்வதில்லை. நான் கோயில் சுவருக்கு வெளியே அம்மாவோடு நின்றிருந்தேன். நைனா கடிதத்தைக் கொடுத்தார். பெரியதனக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்கிலீஷா கீதே. கம்பெனிக்கு எழுதிப் போட்டது யாரு, உன் பொண்ணா? வந்து படிக்கச் சொல்லு" என்றார்.

உள்ளே போனேன். கணக்கு எழுதுகிறவர் எட்டிப் பார்த்துச் சரிபார்க்க, வரிக்கு வரி தமிழில் சொன்னேன். 'டிஸ்சார்ஜ் கோரிக்கை காலையிலேயே எங்களுக்குக் கிடைத்துவிட்டது. கேட்ட ஆவணம் ஏற்கெனவே எங்களிடம் இருந்தது. மாலைவரை ஏற்பட்ட தாமதம் எங்களுடையது. அதுவரை நோயாளி ஆஸ்பத்திரியை விட்டு வெளியேற இயலவில்லை. கூடுதல் வாடகையை நாங்கள் ஏற்கிறோம்.'

"பிரியாணி எதும் எழுதலியா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. பெரியதனக்காரரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியதனக்காரர் கடிதத்தை மடித்துக் கணக்குக்காரரிடம் கொடுத்தார். "அவரு வராம இல்ல. வுடல. பேரை எழுதிக்க. கடைசி முறைக்கு அப்பால ஒரு முறை சேத்துக்கலாம்."

ஏரியில் அதுதான் கடைசி முறை, அவருக்கு எப்போது வரும் என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருந்தது. நைனா எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். வீட்டுக்கு நடக்கும்போது என் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிக்கினு போனப்பகூட எனக்கு பயம் இல்லம்மா," என்றார். "நீ படிச்சி முடிச்சதுக்கும் அவரு வாயத் தொறந்ததுக்கும் நடுவுல பயந்துட்டேன்."