வாசிக்காமல் விட்ட கமெண்டுகள்

ஐந்தாவதோடு நின்றவன் நான். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாபேட்டையில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் மடிப்பு வேலை பார்க்கிறேன். மாலையில் ஃபேஸ்புக்கில் நேரலை விற்பனை நடக்கும். ஒரு பெண் பேசிக் காட்டுவாள். புடவையின் மறுமுனையை நான் பிடித்திருப்பேன். படத்தில் என் கை மட்டும் தெரியும். நாலு பேர் பார்த்தாலே வியர்த்துவிடும் எனக்கு, அதனால் அதுவே போதும். அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். வரும் கமெண்டுகளை உரக்க வாசித்து ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்வாள். அதற்காகவே பலர் பார்த்தார்கள்.

முன்பு எங்களுக்குப் படம் பிடித்தவன் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டான். அவள் மறுத்தாள். அவன் வேலையை விட்டு நின்றதும் அவளுக்கு வாட்ஸ்அப்பில் அசிங்கமாக அனுப்பத் தொடங்கினான். அவள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அவனை பிளாக் செய்தாள். உடனே கடை எண்ணுக்கு அனுப்பினான். பிறகு வேறு வேறு பெயர்களில் நேரலைக்குள் வந்து அதே அசிங்கத்தை எழுதினான். ஒருநாள் பழக்கத்தில் அவன் கமெண்டை வாசிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"அண்ணா, நாளைலிருந்து நான் வரலைங்க" என்றாள் முடிந்ததும்.

"நீ போயிட்டா என் கையை யாரு பாப்பாங்க சாமி?"

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

மறுநாள் முதலாளியம்மா எங்கள் இருவரையும் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்.

"அவன் அனுப்பினதை அழிச்சிட்டியாம்மா?" என்றார் அங்கிருந்த பெண் அதிகாரி.

"பாக்கவே அருவருப்பா இருந்துச்சுங்க."

"இனிமே அழிக்காதே. பதிலும் போடாதே, திட்டிக்கூடப் போடாதே. தேதி, நேரம் தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடு, அவன் புரொஃபைல் லிங்கையும் காப்பி பண்ணி வை. அப்புறமா ரிப்போர்ட் பண்ணிட்டு பிளாக் பண்ணு."

நல்லவேளை, கடை போனில் அவன் சொந்த எண்ணிலிருந்து வந்தவை அப்படியே இருந்தன. மனுவை வாங்கி ரசீது கொடுத்தார்கள்.

அவள் மறுபடியும் நேரலைக்கு வந்தாள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு கையில் புடவை, மறு கையில் போன்.

"அண்ணா, முந்தானை தரையைக் கூட்டுது" என்பாள், முகம் மாறாமல். அவன் எழுதியது வந்தால் கண் அடுத்ததுக்குப் போய்விடும். அடுத்தவருக்கு வணக்கம் சொல்லிவிடுவாள். தான் எழுதியதை வாசிப்பாள் என்று காத்திருந்தவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கொஞ்ச காலம் ஆனது. அந்தப் பெயர்களெல்லாம் அவன் போனிலிருந்தே வந்தவை என்று கண்டுபிடித்து வழக்குப் போட்டார்கள். கமெண்டுகள் நின்றன. வழக்கு இன்னும் நடக்கிறது. நான் எடுத்த படங்களும் அதில் இருக்கின்றன.

நேற்று ஒரு அம்மா, புடவை பிடிக்கும் கை யாருடையது என்று கேட்டு எழுதியிருந்தார். பாப்பா அதை உரக்க வாசித்தாள்.

"எங்க அண்ணன் கைங்க. மூஞ்சியைக் காட்டச் சொன்னா ஓடிப்போயிருவாரு."

எனக்கு வியர்த்தது. புடவையை மட்டும் விடவில்லை.

ஐப்பசி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை.