குக்கர் விசிலுக்குப் பயந்து அணைத்த மைக்

தன் தங்கை சுவர்ணாவைப் பற்றி யார் கேட்டாலும் குகநாதனுக்கு வாய் ஓயாது. கிழமை நாட்களில் மருந்துக் கடையில் கல்லாவில் நிற்கிறாள். சனிக்கிழமை ஹரோ தமிழ் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு உதவியாளராக ஓடித் திரிகிறாள். கரும்பலகையைத் துடைப்பவளும் அவள்தான், அழுகிற பிள்ளையைத் தூக்குபவளும் அவள்தான். ஆசிரியை என்ற பெயர் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

இப்போது அதற்கு ஒரு வழி திறந்திருந்தது. இணையவழி வகுப்புக்கு ஆசிரியர் தேவை என்றும், கைபேசித் திரையைப் பதிவு செய்து ஒரு மாதிரிப் பாடத்தை ஞாயிறு மாலைக்குள் அனுப்ப வேண்டும் என்றும் வகுப்பின் பொறுப்பாளர் பாலேந்திரா அறிவித்திருந்தார். அன்றுதான் அந்த ஞாயிறு.

கிங்ஸ்பரியில் உள்ள குகநாதன் வீட்டு மேசையில் சுவர்ணா காலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுத்துப் பழகும் செயலி ஒன்று 'ஆடு' என்று உச்சரிக்க, அதன் பிறகு அவள் விளக்கம் சொல்வதாகத் திட்டம். முதல் பதிவு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது, அடுக்களையில் அண்ணி யோகமலரின் குக்கர் மூன்று முறை கூவும் வரை.

"ஆட்டுக்குப் பிறகு ரயில் வருதோ?" என்றான் குகநாதன்.

சுவர்ணா சிரித்துக்கொண்டே பதிவு அமைப்பைத் திறந்து மைக்கை நிறுத்தினாள். 'மீடியா ஒலி' என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தாள். வெளிச்சத்தம் இனி உள்ளே வராது என்ற நம்பிக்கையோடு, காதில் வயர் இயர்போனையும் மாட்டிக்கொண்டு முழுப் பாடத்தையும் உயிரைக் கொடுத்து நடத்தினாள். போட்டுப் பார்த்தபோது படம் ஓடியது. ஒரு சத்தமும் இல்லை.

"அண்ணை, ஒண்டும் கேக்கேல்லை!"

"போன் பழுதாப் போச்சுது பிள்ளை. வா, புதுசு ஒண்டு வாங்கித் தாறன்."

"கொஞ்சம் பொறுங்கோ. பழுதோ இல்லையோ எண்டு முதல்ல பாப்பம்."

அதே அமைப்பில், கைபேசியில் இருந்த அண்ணனின் கலியாண வீடியோவை ஓடவிட்டுத் திரையைப் பதிவு செய்தாள். நாதஸ்வரம் கணீரென்று பதிவாகியிருந்தது.

"போன் சுகமா இருக்குது," என்றாள். "மீடியா ஒலி எண்டால் போனுக்குள்ள பாடுறது மட்டும்தான். வெளியில கதைக்கிற என்ர குரலுக்கு மைக் வேணும். அதைத்தான் குக்கருக்குப் பயந்து நானே நிப்பாட்டிப்போட்டன்."

"சரி, அப்ப ஆடு ஏன் கத்தேல்லை? அது போனுக்குள்ளதானே?"

நல்ல கேள்விதான். செயலியின் உதவிப் பக்கத்தை அவள் புரட்டினாள். செயலியின் ஒலியைத் திரைப்பதிவுகள் எடுக்க முடியாதபடி அதை உருவாக்கியவர்களே தடுத்திருப்பதாக அங்கே எழுதியிருந்தது.

"அப்ப அமைப்பை எப்பிடி மாத்தினாலும் உள்ளால எடுக்க ஏலாது," என்றாள்.

மைக்கைப் போட்டுப் பார்த்தாள். அவள் குரல் வந்தது. செயலியின் குரல் இயர்போன் வழியே அவள் காதோடு நின்றுவிட்டது. இயர்போனைக் கழற்றி ஒலியைக் கூட்டினாள். இப்போது செயலியின் குரல் ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்குள் போனது, ஆனால் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல.

"இது ஆடில்லை, பேய்," என்று வாசலில் நின்ற யோகமலர் தீர்ப்புச் சொன்னாள். "சுவர்ணா, நீயே சொல்லன். வகுப்பில நீதானே சொல்லுறனீ?"

சுவர்ணா செயலியின் ஒலியை முழுவதும் குறைத்து, மைக்கை மட்டும் போட்டாள். "அப்ப வீடு சத்தம் போடக் கூடாது, சொல்லிப்போட்டன்."

அது குகநாதனுக்கு இட்ட கட்டளையாயிற்று. குக்கரை இறக்கி வைத்தான். டிக் டிக் என்ற சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் படுக்கையறைத் தலையணைக்கு அடியில் வைத்தான். குளிர்சாதனப் பெட்டி உறுமுகிறது என்று அதன் சுவிட்சையும் அணைத்தான். மனைவி தும்ம முகத்தைச் சுளித்தபோது வாயைப் பொத்தத் துவாயோடு ஓடினான்.

இதற்குள் தங்கை சில நொடி பதிவு செய்து, போட்டுக் கேட்டுச் சரிபார்த்திருந்தாள். இப்போது முழுப் பாடம். திரையில் ஆட்டின் படத்தைத் தொட்டு, "ஆடு... எங்க, நீங்களும் சொல்லுங்கோ பாப்பம்!" என்றாள். எதிரே பிள்ளைகளே இருப்பதுபோல் பதிலுக்குக் காத்திருந்தாள். அந்த இடைவெளியில் கதவுக்குப் பின்னால் நின்ற குகநாதனும் சத்தமில்லாமல் வாயை அசைத்தான்.

மதியம் அனுப்பினாள். தேநீர் நேரத்தில் பாலேந்திராவின் பதில் வந்தது. சுவர்ணா அதை உரக்கப் படித்தாள்: "மற்ற மூன்று பேரின் பாடத்திலும் செயலிதான் படிப்பிக்குது. உங்கட பாடத்தில மட்டும் ஒரு ரீச்சர் இருக்கிறா. அடுத்த தவணை வகுப்பு உங்களுக்குத்தான்."

"நான் அப்பவே சொன்னன்!" என்றான் குகநாதன்.

"நீங்கள் புதுப் போன் எல்லோ வாங்கச் சொன்னனீங்கள்?" என்றாள் தங்கை.

அவன் கொண்டாட்டத்துக்கு ஐஸ்கிரீம் எடுக்க அடுக்களைக்குப் போனான். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தவன் அப்படியே நின்றான். சுவிட்சைத் திரும்பப் போடவே இல்லை; ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் தளும்பியது.

"ரீச்சர்," என்று கூப்பிட்டான், "உங்களுக்குக் கரண்டி வேணுமோ, கப் வேணுமோ?"